கருமாதி அறிவிப்பு நடுவில் நிற்காமல் சாய்கிறதா? குறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டில் கேதம் விழுந்துவிட்டால் அறிவிப்பு எழுதும் வேலை பெரும்பாலும் கம்ப்யூட்டர் தெரிந்த மருமகன் தலையிலோ அக்கா மகன் தலையிலோதான் வரும். வாட்ஸப்பில் வந்த ஒரு பத்தியைக் கொடுத்து, "இதை அழகா நடுவுல போட்டுக் குடுப்பா" என்பார்கள். உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துக் கடைகளுக்கும் இதே பத்திதான் வருகிறது. அதை ஏ5 தாளில் மரியாதையான ஓர் அறிவிப்பாக மாற்றும்போது என்னென்ன கோளாறு வரும், அதை எப்படி இனம் காண்பது, எப்படி நீக்குவது என்று ஒரே ஓர் அறிவிப்பை வைத்துச் சொல்கிறேன். பெயர்கள் மாதிரிக்கு வைத்தவை. தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் சுழியங்கள் இருக்கின்றன.

வந்த பத்தி இது:

```
          கண்ணீர் அஞ்சலி
எங்கள் தந்தை க.முனியாண்டி 20.1.25 ஞாயிறு இரவு 2 மணிக்கு
இயற்கை எய்தினார் காலஞ்சென்ற கருப்பையா பஞ்சவர்ணம் மகன்
16ம் நாள் கருமாதி 5.2.25 செவ்வாய் காலை சேதுக்கரையிலும்
வீட்டிலும் நடைபெறும் அனைவரும் வருக தொடர்புக்கு 00000 00000
```

இதை அப்படியே வேர்டில் ஒட்டி Ctrl+E அழுத்தினால் நடுவில் வந்துவிடும் என்று நினைப்போம். வரும், ஆனால் அறிவிப்பாக இருக்காது. நடுவில் நிறுத்தப்பட்ட ஒரு கடிதமாகத்தான் இருக்கும். முதலில் சரிபார்க்க வேண்டியது தேதி. ஏனென்றால் தாள் அச்சாகி வீடு வீடாகப் போன பிறகு தேதித் தவறைத் திருத்த வழியே இல்லை.

குறி: தேதியும் கிழமையும் ஒத்துப்போகவில்லை

மேலே உள்ள பத்தியில் இரண்டு இடத்தில் இது இருக்கிறது. 2025 ஜனவரி 20 திங்கட்கிழமை. பத்தியோ ஞாயிறு என்கிறது. பிப்ரவரி 5 புதன்கிழமை. பத்தியோ செவ்வாய் என்கிறது. எழுதிக் கொடுத்தவர் அவசரத்தில் எழுதியிருப்பார் என்று நாமாக ஒன்றை மாற்றிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

இரவு இரண்டு மணிக்கு இறந்தவரை நம்மூரில் "ஞாயிறு ராத்திரி" என்றுதான் சொல்வார்கள். பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால் அது ஞாயிறுதான். காலண்டர் கணக்கில் நள்ளிரவு தாண்டியதுமே திங்கள் வந்துவிடுகிறது. இரண்டும் சரி, ஆனால் ஒரே வரியில் இரண்டையும் கலந்தால் படிப்பவர் குழம்புவார். அறிவிப்பில் காலண்டர் தேதியையும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்: "20.01.2025 திங்கட்கிழமை அதிகாலை 2.00 மணி". அதிகாலை என்ற ஒரு சொல் வந்தவுடன் யாருக்கும் சந்தேகம் வராது. தமிழ்த் தேதியும் வேண்டும் என்றால் நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். அந்த ஆண்டு தை 1 ஜனவரி 14 என்பதால் 20 தை 7 என்று விரலில் எண்ணிவிடலாம், ஆனால் உதயத்துக்கு முந்திய மரணத்துக்கு ஐயர் தை 6 என்றும் சொல்லக்கூடும். திதியும் அப்படித்தான். அது நடுப்பகலில்கூட மாறும். அவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே போடுவதுதான் முறை.

அடுத்து பதினாறாம் நாள். இறந்த நாளையும் ஒன்றாக எண்ணுவதுதான் இங்கே பொதுவான வழக்கம். 20 முதல் நாள் என்றால் 31 பன்னிரண்டாம் நாள், பிப்ரவரி 4 பதினாறாம் நாள். அது செவ்வாய். எனவே பத்தியில் செவ்வாய் சரியாகவும் 5 தவறாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். மறுநாளிலிருந்து எண்ணியவர் 5 என்று எழுதியிருக்கலாம். ஞாயிறிலிருந்து எண்ணும் வீடு என்றால் பிப்ரவரி 3, திங்கள் என்று வரும். ஆக ஒரே சாவுக்கு மூன்று தேதி. வீட்டில் கேட்கும்போது "பதினாறாம் நாள் எப்போது" என்று கேட்காதீர்கள். "கருமாதி வைத்திருக்கும் கிழமை எது, அன்று என்ன தேதி" என்று கேளுங்கள். கிழமை யாருக்கும் தவறாது. சமையல்காரருக்கும் பந்தலுக்கும் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. எல்லா வீட்டிலும் கருமாதி எண்ணிப் பதினாறிலேயே நடப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டும், நாள் சரியில்லை என்று முன்னே பின்னே வைப்பதுண்டு. எண்ணிக்கை ஒத்துவந்தால் மட்டும் "16ஆம் நாள்" என்று போடுங்கள். ஒத்துவராவிட்டால் "கருமாதி" என்று மட்டும் போட்டுத் தேதியைக் கொடுத்தால் போதும். தேதி ஒன்று, நாள் எண் வேறு என்று தாளில் நின்றால் ஊரில் அதைத்தான் பேசுவார்கள்.

குறி: திரையில் நடுவில் இருந்தது, அச்சில் சாய்ந்துவிட்டது

தலைப்புக்கு முன்னால் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்தியிருக்கிறார்கள். எழுத்துரு மாறினாலோ தாள் அளவு மாறினாலோ அந்த இடைவெளிகளின் அகலமும் மாறும், வரி ஒரு பக்கம் ஒதுங்கும். உறுதிசெய்ய வேர்டில் Ctrl+Shift+8 அழுத்துங்கள். லிப்ரே ஆபிஸில் Ctrl+F10. ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு சிறு புள்ளி, டேப்புக்கு அம்புக்குறி தெரியும். தலைப்புக்கு முன்னால் புள்ளி வரிசை நின்றால் அதுதான் நோய்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வேர்டில் Ctrl+Q அழுத்தினால் பத்தியின் பழைய ஓர இடைவெளி, முதல் வரித் தள்ளல் எல்லாம் போய்விடும். ஸ்பேஸ்கள் மட்டும் அப்படியே இருக்கும். Ctrl+H திறந்து, தேடும் கட்டத்தில் இரண்டு ஸ்பேஸ், மாற்றும் கட்டத்தில் ஒரு ஸ்பேஸ் கொடுத்து, மாற்ற ஒன்றும் இல்லை என்று வரும்வரை Replace All அழுத்துங்கள். ஒவ்வொரு வரியின் முன்னாலும் மிஞ்சும் ஒற்றை ஸ்பேஸைக் கையால் நீக்குங்கள். அப்புறம்தான் Ctrl+E.

இதையெல்லாம் செய்தும் எல்லா வரியும் சேர்ந்தாற்போல் ஒரே பக்கம் தள்ளி நின்றால் பக்க ஓரங்களைப் பாருங்கள். இடது ஓரம் அதிகமாகவும் வலது ஓரம் குறைவாகவும் இருக்கும், அல்லது gutter என்ற இடத்தில் ஏதாவது எண் இருக்கும். ஏ5 தாளுக்கு நான்கு பக்கமும் 15 மில்லிமீட்டர் வைத்து, gutter 0 ஆக்குங்கள். படம் மட்டும் சாய்ந்து நின்றால் அது எழுத்தோடு சேராமல் மிதக்கிறது என்று பொருள். படத்தைத் தட்டி In Line with Text கொடுத்து, அது இருக்கும் வரியில் Ctrl+E அழுத்தினால் சரியாக நடுவில் உட்காரும்.

குறி: எழுத்தெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது

பழைய அறிவிப்பின் கோப்பை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றித் தரச் சொல்வார்கள். திறந்தால் இப்படி நிற்கும்:

```
fz;zPh; mQ;ryp
```

கோப்பு கெட்டுப்போகவில்லை. இது பாமினி எழுத்துருவில் தட்டியது. "கண்ணீர் அஞ்சலி" என்பதுதான் இது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாததால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். மாற்றும் முன்பு உண்மையான ஆங்கிலத்தை, அதாவது பேரன் பெயருக்குப் பின்னால் உள்ள B.E. போன்ற பட்டங்களைத் தனியே எடுத்து வையுங்கள். மாற்றிக்கு அது பட்டம் என்று தெரியாது, அதையும் தமிழாக்கிவிடும்.

மாற்றிய பின் நிதானமாகப் பார்க்க வேண்டியது ரகர மெய். பாமினியில் துணைக்காலுக்கும் ர் என்பதற்கும் ஒரே விசை பயன்படுவதால், சில மாற்றிகள் "ர்" வர வேண்டிய இடத்தில் "ா்" போட்டுவிடும். ஒரு எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், இன்னொன்றில் புள்ளி தள்ளி நிற்கும் அல்லது நடுவில் புள்ளி வட்டம் முளைக்கும். அது "தொடர்புக்கு" என்பதில் வந்தால்கூடப் பரவாயில்லை, இறந்தவர் பெயரில் வந்தால் எப்படி இருக்கும்? தவறான இடத்திலிருந்து "ா்" என்பதை நகலெடுத்து Ctrl+H தேடும் கட்டத்தில் ஒட்டி, மாற்றும் கட்டத்தில் "ர்" தட்டி மொத்தமாக மாற்றிவிடுங்கள். தமிழில் துணைக்காலின் மேல் புள்ளி வரவே வராது என்பதால் மொத்தமாக மாற்றுவதில் ஆபத்தில்லை.

இதே கோளாறு தலைகீழாகவும் வரும். அச்சகத்தில் இன்னும் பழைய பேஜ்மேக்கர் வைத்திருந்தால் நீங்கள் அனுப்பும் யூனிகோடு அங்கே கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரியும். அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிடுங்கள்.

குறி: தமிழ் ஒரு அளவில், எண்கள் வேறு அளவில்

எழுத்தைப் பெரிதாக்கினால் தேதி மட்டும் பெரிதாகும், தமிழ் அப்படியே நிற்கும். வேர்ட் தமிழுக்கு வேறு அமைப்பு வைத்திருப்பதால் இப்படி ஆகிறது. Ctrl+D திறந்தால் Latin text என்றும் Complex scripts என்றும் இரண்டு பகுதி இருக்கும். இரண்டிலும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு கொடுங்கள். நிர்மலா யுஐ வைத்தால் எண்களும் அதே முகத்தில் வரும்.

குறி: நடுவில்தான் இருக்கிறது, ஆனாலும் பார்க்க நன்றாக இல்லை

இதுதான் அதிகம் பேருக்கு வரும் தொல்லை. காரணம் வரி எங்கே முறிகிறது என்பதில் இருக்கிறது. நீங்கள் முறிக்காவிட்டால் தாளின் ஓரம் முறிக்கும். தாளுக்குப் பெயர் எது, ஊர் எது என்று தெரியாது. "முனியாண்டி" ஒரு வரியிலும் "அவர்கள்" அடுத்த வரியில் தனியாகவும் நிற்கும். நடுவில் நிற்கும் எழுத்தில் ஒவ்வொரு வரியும் தன்னளவில் முடிந்த ஒரு செய்தியாக இருக்க வேண்டும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு விடும் இடத்தில் Shift+Enter தட்டுங்கள். ஒரு பகுதி முழுதாக முடிந்தால் மட்டும் Enter. அப்படிச் செய்தால் பகுதிகளுக்கு இடையே சமமான இடைவெளி கொடுக்க முடியும், காலி வரிகளை அடுக்கத் தேவையில்லை.

பிரியக் கூடாத இரண்டு சொற்களுக்கு நடுவில் சாதாரண ஸ்பேஸுக்குப் பதில் Ctrl+Shift+Space தட்டினால் அவை ஒட்டிக்கொண்டே போகும். முதலெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில், "2.00" என்பதற்கும் "மணி" என்பதற்கும் நடுவில், கைபேசி எண்ணின் ஐந்தைந்து இலக்கங்களுக்கு நடுவில் இதைப் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டிய சொல் "காலஞ்சென்ற". நம் பத்தியில் "காலஞ்சென்ற கருப்பையா பஞ்சவர்ணம் மகன்" என்று இருக்கிறது. இருவருமே காலமானவர்களா, தந்தை மட்டுமா? வரி "காலஞ்சென்ற கருப்பையா" என்பதோடு முறிந்தால் ஒரு பொருள், "காலஞ்சென்ற" என்பதோடு மட்டும் முறிந்தால் வேறு பொருள். உயிரோடு இருக்கும் தொண்ணூறு வயதுத் தாயைக் காலமானவராக்கி ஊரெல்லாம் தாள் போவதைவிட அந்த வீட்டுக்குச் செய்யும் கொடுமை வேறில்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள். இருவரும் இல்லை என்றால் "காலஞ்சென்றவர்களான கருப்பையா – பஞ்சவர்ணம் தம்பதியரின் மகனும்". தந்தை மட்டும் என்றால் தாயின் பெயரை முதலில் வைத்து, "பஞ்சவர்ணம் அம்மாள், காலஞ்சென்ற கருப்பையா ஆகியோரின் மகனும்" என்று எழுதி, "காலஞ்சென்ற" என்பதையும் பெயரையும் மேலே சொன்ன ஒட்டும் ஸ்பேஸால் கட்டிவிடுங்கள்.

குறி: வந்தவர்கள் தவறான இடத்துக்குப் போகிறார்கள்

"காலை சேதுக்கரையிலும் வீட்டிலும்" என்று ஒரே மூச்சில் எழுதினால் இதுதான் நடக்கும். கடற்கரைச் சடங்குக்குப் பங்காளிகள் மட்டும் போவார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு வருவார்கள். உறவினர் ஒருவர் தொண்டியிலிருந்து பஸ் பிடித்து நேரே சேதுக்கரை போய் இறங்கினால், அங்கே காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியிருப்பார்கள். இரண்டையும் தனித்தனி வரியாக, நேரத்தோடு எழுதுங்கள். இராமேஸ்வரம் என்று மட்டும் எழுதாமல் அக்னி தீர்த்தக் கடற்கரை என்றும், தேவிபட்டினம் என்று மட்டும் எழுதாமல் நவபாஷாணம் என்றும் இடத்தைச் சொல்லுங்கள்.

"அனைவரும் வருக" என்பதை எடுத்துவிடுங்கள். அது கல்யாணப் பத்திரிகைச் சொல். "கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்" போதும்.

குறி: வேறு வீட்டுச் சொற்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன

பழைய கோப்பிலிருந்து எடுத்ததில் வரும் கோளாறு. தங்கச்சிமடத்துக் கத்தோலிக்க வீட்டுக்குப் போட்ட தாளின் தலையில் "சிவமயம்" நிற்கும், அல்லது "இயற்கை எய்தினார்" என்று இருக்கும். அந்த வீட்டில் "இறைவனில் இளைப்பாறினார்" என்பார்கள். கருமாதிக்குப் பதில் நினைவுத் திருப்பலி, நேரம், ஆலயத்தின் பெயர் வரும். கீழக்கரையில் முஸ்லிம் வீட்டு அறிவிப்பு வேறு மாதிரி: "இன்னா லில்லாஹி" தலையில் வரும், "வஃபாத்தாகிவிட்டார்கள்" என்று மரியாதைப் பன்மையில் சொல்வார்கள். அடக்கம் சீக்கிரம் நடந்துவிடும் என்பதால் ஜனாஸா தொழுகையின் நேரமும் பள்ளிவாசலும்தான் முக்கியம். படம் போடுவதா என்று கேட்காமல் போடாதீர்கள். வேறு சமூகத்துத் தாளைத் திருத்துவதைவிடக் காலித் தாளில் தொடங்குவதுதான் பத்திரம்.

சரி, நம் பத்தி திருத்தியபின் இப்படி வரும். கருமாதி செவ்வாய்தான் என்றும், பெற்றோர் இருவரும் இல்லை என்றும் வீட்டில் உறுதிசெய்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்:

```
              கண்ணீர் அஞ்சலி

              க. முனியாண்டி
               உச்சிப்புளி

  காலஞ்சென்றவர்களான கருப்பையா – பஞ்சவர்ணம்
            தம்பதியரின் மகனும்
     எங்கள் அன்புத் தந்தையுமான அன்னார்
  20.01.2025 திங்கட்கிழமை அதிகாலை 2.00 மணிக்கு
            இயற்கை எய்தினார்

            16ஆம் நாள் கருமாதி
         04.02.2025 செவ்வாய்க்கிழமை
   காலை 6.00 மணி: சடங்கு, சேதுக்கரை கடற்கரை
     பகல் 12.00 மணி: வீட்டில் படையல், உணவு
      கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்

             தொடர்புக்கு
       மூத்த மருமகன்: 00000 00000
```

பெயருக்கு 22 புள்ளி அளவு, தலைப்புக்கு 16, மற்றவற்றுக்கு 12. பெயரும் கருமாதித் தேதியும் மட்டும் தடித்த எழுத்து. எல்லாவற்றையும் தடிமனாக்கினால் கண் எங்கும் நிற்காது. பூ ஓரம், மேகம், தீபம் எல்லாம் வேண்டுமா என்பது அந்த வீட்டின் விருப்பம். என்னைக் கேட்டால் மெல்லிய ஒற்றைக் கோடு போதும். பேரப்பிள்ளைகள் வரை பெயர் போட வேண்டும் என்றால் அவற்றை நடுவில் அடுக்காமல், கோடு இல்லாத இரண்டு நெடுவரிசை அட்டவணையில் இடது பக்கம் உறவு, வலது பக்கம் பெயர் என்று வையுங்கள். நீண்ட பட்டியல் நடுவில் நின்றால் ஒவ்வொரு வரியும் வேறு இடத்தில் தொடங்குவதால் தேடுபவருக்குத் தன் பெயர் கிடைக்காது.

தொடர்பு எண்ணுக்கு இறந்தவரின் மனைவியின் எண்ணைப் போடாதீர்கள். அந்த நாட்களில் வழி கேட்டு வரும் ஐம்பது அழைப்பை அவர் எடுக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் மருமகனோ தம்பியோ ஒப்புக்கொண்டால் அவர் எண், பக்கத்தில் அவர் என்ன உறவு என்பது. வளைகுடாவில் இருப்பவர்களுக்கும் அனுப்புவதாக இருந்தால் எண்ணுக்கு முன்னால் +91 சேருங்கள்.

குறி: வாட்ஸப்பில் அனுப்பியதும் எழுத்து மங்கிவிட்டது

படமாக அனுப்பும்போது வாட்ஸப் அதைச் சுருக்கிவிடுகிறது. 12 புள்ளி எழுத்தின் புள்ளியும் கொம்பும் முதலில் கரையும். வேர்டில் PDF ஆகச் சேமித்து, Document என்று தேர்ந்து அனுப்புங்கள். எழுத்துரு உள்ளேயே போவதால் யார் கைபேசியிலும் வரி மாறாது. அச்சகத்துக்கும் இதே கோப்பு. வேர்டுக் கோப்பைக் கொடுத்தால் அங்கே அந்த எழுத்துரு இல்லாமல் வேறொன்று வந்து, நீங்கள் பார்த்துப் பார்த்து முறித்த வரிகள் எல்லாம் இடம் மாறும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தாள் எடுத்து, வீட்டில் வயதான ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே வரி தவறாக முறிந்திருக்கிறது, இல்லாவிட்டால் உறவு தவறாக இருக்கிறது. அப்புறம் அந்தத் தாளைப் பார்த்தே தொடர்பு எண்ணை அழுத்தி அழைத்துப் பாருங்கள், சரியான ஆள் எடுக்கிறாரா என்று.